மெயிலுக்கு ஒரு நாள் முன்னால்

ஒரே ப்ராஜெக்டில் வருடக்கணக்காக இருந்துவிட்டு, கம்பெனியை விடாமல் உள்ளுக்குள்ளேயே வேறு டீமுக்குப் போக நினைக்கும் ஐ.டி. தம்பி தங்கைகளுக்கு,

போன வாரம் சிறுசேரியிலிருந்து கிளம்பும் பஸ்ஸில் ஒரு தங்கை என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். நாவலூர் தாண்டும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தவர், சோழிங்கநல்லூர் சிக்னலில் பஸ் நின்றதும் குரலைத் தணித்துக் கேட்டார்: "அண்ணா, ஐ.ஜே.பி.யில அப்ளை பண்ணினா எங்க மேனேஜருக்கு மெயில் போயிடுமா?"

முன்னும் பின்னும் அவருடைய டீம்காரர்கள் யாராவது இருக்கிறார்களா என்று இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். தப்பு எதுவும் செய்யாத ஒரு பெண், கம்பெனி தானே அறிவித்திருக்கும் ஒரு வேலைக்கு விண்ணப்பிக்க இப்படிப் பயப்பட வேண்டியிருக்கிறதே என்று எனக்கு வருத்தமாக இருந்தது. அன்று பஸ்ஸில் அரைகுறையாகச் சொன்னதை முழுதாகச் சொல்லவே இந்த மடல்.

இந்தத் தொழிலில் எனக்கு 22 வருடம். ஆட்களை விட மறுத்த மேனேஜராகவும் இருந்திருக்கிறேன், அடுத்த டீமிலிருந்து ஆட்களைக் கூப்பிட்டுக்கொண்ட மேனேஜராகவும் இருந்திருக்கிறேன். இரண்டு நாற்காலியிலும் தவறு செய்திருக்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பல வருடம் முன்பு என் டீமுக்கு ஒரு பையனை இன்டர்வியூ செய்தேன். நன்றாகச் செய்தான். அன்று மாலை டீக்கடையில் அவனுடைய மேனேஜரைப் பார்த்தபோது, "உங்க பையன் ஒருத்தன் எங்ககிட்ட வந்தான், எப்படி?" என்று கேட்டுவிட்டேன். எனக்கு அது சாதாரண விசாரிப்பு. அவருக்கோ அது முதல் செய்தி. மறுநாள் அவர் அந்தப் பையனைக் கூப்பிட்டுப் பேசிய பேச்சு நல்லபடியாக இல்லை. இரண்டு வாரம் கழித்து நான் ஆள் தேடிய இடத்தையே கிளையன்ட் நிறுத்திவிட்டார். பையன் பழைய இடத்திலேயே, கசந்துபோன மேனேஜரிடமே இருக்க வேண்டியதாயிற்று. அவன் யாரிடமும் எதையும் உளறவில்லை. உளறியது நான்.

ஆகவே ரகசியம் எங்கே கசியும் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் பயப்படும் இடம் அப்ளிகேஷன் பக்கம். கசிவது பெரும்பாலும் வேறு இடங்களில். கம்பெனிப் போர்ட்டலில் உங்கள் ஸ்கில் பட்டியலில் புதிதாக ஒன்றைச் சேர்த்தால், அதைச் சரிபார்க்கச் சொல்லி மேனேஜருக்குத் தகவல் போகும் வழக்கம் பல இடங்களில் உண்டு. சப்போர்ட் வேலையில் இருப்பவர் திடீரென்று மூன்று டேட்டா ஸ்கில்களைச் சேர்த்தால் அதன் அர்த்தம் எந்த மேனேஜருக்கும் புரியும். இந்த வேலையை ஐ.ஜே.பி. வருவதற்கு வெகு முன்பே, படித்து முடித்த கையோடு செய்துவிடுங்கள். அடுத்தது காலண்டர். புதிய மேனேஜர் அனுப்பும் மீட்டிங் அழைப்பின் தலைப்பு உங்கள் காலண்டரைத் திறந்து பார்ப்பவர் கண்ணில் படலாம். அதை பிரைவேட் என்று குறித்துவிட்டால் நேரம் மட்டும் தெரியும், தலைப்பு தெரியாது. மூன்றாவது, என்னைப் போல டீக்கடையில் வாய்விடும் மேனேஜர். இவரை மென்பொருளால் அடைக்க முடியாது. நேரில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பஸ்ஸில் அந்தத் தங்கை கேட்ட கேள்விக்கு வருகிறேன். மெயில் போகுமா என்றால், என்றாவது ஒரு நாள் போகத்தான் போகும். எந்தக் கட்டத்தில் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சில இடங்களில் சப்மிட் அழுத்திய நொடியே போய்விடும். சில இடங்களில் நீங்கள் தேர்வாகிவிட்டீர்கள் என்று புதிய மேனேஜர் குறித்த பிறகுதான் போகும். வேறு சில இடங்களில் உங்கள் மேனேஜர் ஒப்புதல் தராமல் விண்ணப்பமே நகராது. ஹெச்.ஆர். பக்கத்தில் இருக்கும் பாலிசியைத் திறந்து, இந்த ஒன்றை மட்டும் தேடிப் படியுங்கள். பாலிசி தெளிவாக இல்லையென்றால், போன வருடம் இதே வழியில் மாறியவர் ஒருவரிடம் கேளுங்கள். உதவி மையத்தில் டிக்கெட் போட்டு மட்டும் கேட்காதீர்கள், அதன் நகல் யாருக்குப் போகும் என்று உங்களுக்குத் தெரியாது.

அந்தக் கட்டம் தெரிந்துவிட்டால் உங்கள் கணக்கு எளிது. மெயில் போகும் நாளுக்கு ஒரு நாள் முன்னால் உங்கள் மேனேஜருக்கு உங்கள் வாயால் விஷயம் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு முன்பு சொல்லத் தேவையில்லை, அதற்குப் பின்பு சொல்லக்கூடாது. பத்து இடத்துக்கு விண்ணப்பித்து எதுவும் அமையாமல் போகலாம். ஒவ்வொன்றையும் போய்ச் சொன்னால், நீங்கள் கிளம்பத் துடிப்பவர் என்ற பெயர்தான் மிஞ்சும், அடுத்த நல்ல வேலையும் வேறொருவருக்குப் போகும். ஆனால் மெஷின் அனுப்பிய மெயிலில் செய்தி அறியும் மேனேஜர், நீங்கள் மறைத்தீர்கள் என்பதை மட்டும்தான் பார்ப்பார். நானும் அப்படித்தான் பார்த்திருக்கிறேன்.

இதைச் சரியாகச் செய்த ஒருவரைச் சொல்கிறேன். அவரும் ஒரு தங்கைதான். அவருடைய பழைய மேனேஜர் நான்.

அமெரிக்க இன்ஷூரன்ஸ் கிளையன்ட் ஒருவருக்கான புரொடக்‌ஷன் சப்போர்ட் டீம் அது. பதினொரு பேர், மூன்று ஷிஃப்ட். அவர் அதில் மூன்று வருடம் நான்கு மாதம் இருந்தார். இரவு ஷிஃப்ட் முடிந்து ஹாஸ்டல் போய் எஸ்.க்யூ.எல்.லும் பைத்தானும் படித்தவர். ஜனவரி இரண்டாம் வாரம் எங்கள் கேம்பஸிலேயே அடுத்த டவரில் இருக்கும் டேட்டா டீமுக்கு ஐ.ஜே.பி. வந்தது. எங்கள் கம்பெனியில் அப்போது இருந்த விதிப்படி, இருக்கும் ப்ராஜெக்டில் 18 மாதம் முடிந்திருக்க வேண்டும், கடைசி அப்ரைசல் ரேட்டிங் நடுத்தரத்துக்குக் கீழே இருக்கக்கூடாது. இரண்டும் அவருக்குச் சரியாக இருந்தன. மேனேஜருக்கு மெயில் போவது தேர்வான பிறகுதான் என்பதையும் பார்த்துக்கொண்டார்.

விண்ணப்பிக்கும் முன் அந்த டீம் மேனேஜரிடம் இருபது நிமிடம் கேட்டு வாங்கினார். பெரும்பாலோர் அந்த இருபது நிமிடத்தையும் தங்கள் திறமையைச் சொல்வதில் செலவழிப்பார்கள். இவர் பாதி நேரத்தைக் கேள்விக்கு வைத்திருந்தார். இந்த இடம் ஒப்புதல் வாங்கிய இடமா, இல்லை கிளையன்ட் சொல்லப்போகிறார் என்ற நம்பிக்கையில் ஆள் சேர்க்கிறீர்களா? எந்தத் தேதிக்குள் ஆள் வேண்டும்? அந்தத் தேதி தள்ளிப்போனால் காத்திருப்பீர்களா, பெஞ்சிலிருந்து ஒருவரை எடுத்துவிடுவீர்களா? கடைசியில் அவர் சொன்னதை அந்த மேனேஜர் பிறகு என்னிடம் அப்படியே சொன்னார்: "சார், எங்க மேனேஜருக்கு இன்னும் தெரியாது. நீங்க ஷார்ட்லிஸ்ட் பண்ணின அன்னிக்கே எனக்குச் சொல்லுங்க. மறுநாள் நானே அவர்கிட்ட சொல்லிடறேன். அதுக்கப்புறம் நீங்க அவரைக் கூப்பிடலாம்."

இதைவிடக் கெட்டிக்காரத்தனமாக ஒரு மேனேஜரின் வாயைக் கட்ட முடியாது. யாரிடமும் சொல்லாதீர்கள் என்று மொட்டையாகக் கேட்டிருந்தால், வீட்டில் சண்டை போட்டுவிட்டு வருகிற ஆளோ என்று அவருக்குச் சந்தேகம் வந்திருக்கும். எப்போது பேசலாம் என்று நாள் குறித்துக் கொடுத்ததால் காத்திருந்தார்.

டெக்னிக்கல் ரவுண்டை மதிய உணவு நேரத்தில் வைத்துக்கொண்டார்கள். பிப்ரவரி 4 மாலை ஷார்ட்லிஸ்ட் தகவல் வந்தது. 5ஆம் தேதி காலை ஷிஃப்ட் ஒப்படைத்த கையோடு என் இடத்துக்கு வந்து, பத்து நிமிடம் தனியாகப் பேச வேண்டும் என்றார். சின்ன மீட்டிங் ரூமில் கதவைச் சாத்திவிட்டு நின்றபடியே சொன்னார். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. "எவ்வளவு நாளா நடக்குது இது?" என்று கேட்டேன்.

"மூணு வாரமா, சார். கிடைக்குமான்னே தெரியாம உங்களை அலைக்கழிக்க வேண்டாம்னு இருந்தேன். நேத்து சாயந்தரம்தான் ஷார்ட்லிஸ்ட்னு சொன்னாங்க. இன்னும் செலக்ட் பண்ணல. முதல்ல உங்ககிட்டதான் சொல்றேன்."

மூன்று வாரம் என்ற உண்மையை மழுப்பாமல் சொன்னதுதான் என் கோபத்தைத் தணித்தது. ப்ராஜெக்ட் பிடிக்கவில்லை, ஷிஃப்ட் முடியவில்லை, சம்பளம் போதவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. டேட்டா வேலை கற்றுக்கொண்டேன், அதைச் செய்ய வேண்டும் என்றார், அவ்வளவுதான். நீங்களும் குறைகளை அந்த அறைக்குள் கொண்டுபோகாதீர்கள். குறை சொன்னால் அதைத் தீர்த்துவைக்கிறேன் என்று மேனேஜர் பேரம் ஆரம்பிப்பார். நானே "அடுத்த வருஷம் உன்னை ஆன்சைட்டுக்குப் பார்க்கிறேன்" என்று சொல்லிப் பார்த்தேன். எந்த மாதம், எந்த இடம், யார் ஒப்புதல் என்று கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்திருக்காது.

இங்கே உங்கள் மேனேஜர் பக்கத்தையும் கொஞ்சம் புரிந்துகொள்ளுங்கள். அவர் ஏன் பிடித்துக்கொள்கிறார்? கிளையன்ட் தலைக்கு மணிக்கணக்கில் பணம் தருகிறார். மணிக்கு 25 டாலர் என்று வைத்துக்கொண்டால், நாளுக்கு எட்டு மணி நேரம், மாதம் 22 நாள், ஒரு நாற்காலிக்கு 4,400 டாலர். நீங்கள் போய் அந்த நாற்காலி ஒரு மாதம் காலியாக இருந்தால் அவ்வளவும் அவர் கணக்கில் விழும் ஓட்டை. மாற்று ஆள் வந்தாலும் கற்றுக்கொள்ளும் வாரங்களுக்கு கிளையன்ட் பெரும்பாலும் பணம் தரமாட்டார். கான்ட்ராக்டில் முக்கிய ஆள் என்று உங்கள் பெயர் இருந்தால், 30 நாள் முன்பே கிளையன்டுக்குச் சொல்லவும் வேண்டும். போகாதே என்று அவர் சொல்வதன் பின்னால் அனேகமாக இந்தப் பயம்தான் இருக்கும்.

நானும் பயந்தேன். ஜூன் வரை இரு என்றேன். அந்தப் பக்கம் புதிய மேனேஜர் மார்ச் 1 என்றார். இப்படி இரண்டு பேர் இழுக்கும்போது நடுவில் நிற்பவர் இரண்டு பக்கமும் தலையாட்டிவிடுவதுதான் வழக்கம். இவரிடம் மார்ச், அவரிடம் ஜூன் என்று ஒப்புக்கொண்டுவிடுவார். பிறகு ஒரு நாள் இரண்டு மேனேஜர்களும் லிஃப்டில் சந்திப்பார்கள். இரண்டு பேருக்குமே நீங்கள் பொய்யராகிவிடுவீர்கள்.

அந்தத் தங்கை என்ன செய்தார் என்றால், மறுநாள் ஒரு தாளோடு வந்தார். டீமில் தனக்கு மட்டும் தெரிந்த வேலைகள் மூன்றை அதில் எழுதியிருந்தார். மாதக் கடைசி பேட்ச், பிரீமியம் ஃபைல் ஒத்துப்பார்ப்பது, சனிக்கிழமை சர்வர் ரீஸ்டார்ட். மற்ற எல்லாமே இன்னும் இரண்டு பேருக்குத் தெரியும். இதில் சிக்கலானது மாதக் கடைசி பேட்ச்தான், அது மாதத்துக்கு ஒரு தடவைதான் வரும். "பிப்ரவரி பேட்ச் நான் ஓட்டறேன், மாத்தி வர்றவர் பக்கத்துல உட்கார்ந்து பார்க்கட்டும். மார்ச் பேட்ச் அவர் ஓட்டட்டும், நான் பக்கத்துல உட்கார்ந்து பார்க்கறேன். ஏப்ரல் 3 ரிலீஸ் குடுங்க சார்" என்றார்.

என் ஜூனுக்கு என்னிடம் காரணம் இல்லை, அவருடைய ஏப்ரலுக்குக் காரணம் இருந்தது. எங்கள் பாலிசிப்படி தேர்வான நாளிலிருந்து அதிகபட்சம் 60 நாளில் விட்டாக வேண்டும். பிப்ரவரி 6 தேர்வு என்றால் ஏப்ரல் 7 வரை போகலாம். அதற்கு உள்ளேயே தேதி சொல்லியிருந்தார். விதியைக் காட்டி மிரட்டவே இல்லை, ஆனால் படித்துவிட்டு வந்திருக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. மார்ச் 1 கேட்கும் மேனேஜரை என்ன செய்வது என்று கேட்டதற்கு, "அதை நான் சுமந்துட்டு அலைஞ்சா சரியா இருக்காது, நீங்க ரெண்டு பேரும் ஒரு தடவை பேசிடுங்க சார்" என்றார். பேசினோம். பத்து நிமிடத்தில் முடிந்தது. அன்று மாலையே மூன்று வரியில் ஒரு மெயில் போட்டார், இரண்டு பேருக்கும் சேர்த்து: ரிலீஸ் ஏப்ரல் 3, கே.டி. திட்டம் இணைப்பில், ஏதாவது மாறினால் இருவருக்கும் ஒன்றாகத் தெரிவிக்கிறேன்.

இரண்டு பேருக்கும் ஒரே மெயில் என்பதைக் கவனியுங்கள். சொல்ல வேண்டியதைச் சொன்ன பிறகும் ஆளுக்கு ஒரு செய்தியாக அனுப்பிக்கொண்டிருந்தால் சந்தேகம் மறுபடி முளைக்கும்.

அந்த ஏப்ரல் 3இல் இன்னொரு விஷயமும் அடங்கியிருந்தது. எங்கள் அப்ரைசல் வருடம் மார்ச் 31இல் முடியும். அன்று நீங்கள் யாருடைய கணக்கில் இருக்கிறீர்களோ அவர்தான் ரேட்டிங் போடுவார். பிப்ரவரியில் மாறியிருந்தால், பத்து மாத உழைப்பைப் பார்க்காத ஒருவர் வருடத்துக்கு மதிப்பெண் போட்டிருப்பார். ஆனால் பழைய மேனேஜரிடம் இருந்தாலும் ஆபத்து உண்டு. நல்ல ரேட்டிங் எண்ணி வைத்த அளவில்தான் கிடைக்கும். போகிறவருக்கு எதற்கு என்று இருப்பவருக்குக் கொடுக்கத் தோன்றும். எனக்கே தோன்றியது. அவர் பிப்ரவரியிலேயே தன் கோல் ஒவ்வொன்றுக்கும் எதிரே செய்ததைத் தேதியோடு சிஸ்டத்தில் ஏற்றி, என்னிடம் எழுத்தில் கருத்து வாங்கிவைத்துவிட்டார். என் கருத்தே எதிரே இருக்கும்போது ரேட்டிங்கைக் குறைக்க எனக்கு மனம் வரவில்லை, குறைத்திருந்தால் காரணம் சொல்லவும் முடிந்திருக்காது.

இனி, எல்லாம் ஒப்புக்கொண்ட பிறகும் கவிழ்ந்துவிடக்கூடிய ஒரு இடம் இருக்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. புதிய மேனேஜர் உங்கள் பெயரில் அந்த இடத்தை சாஃப்ட் பிளாக் செய்து வைப்பார். அது நிரந்தரம் இல்லை. எங்களிடம் 15 நாள்தான். புதுப்பிக்காவிட்டால் சத்தமில்லாமல் விழுந்துவிடும். விழுந்த மறுநாள் ஆர்.எம்.ஜி. பெஞ்சில் இருக்கும் ஒருவரை அந்த இடத்துக்கு அனுப்பிவிடும். சம்பளம் வாங்கிக்கொண்டு வேலையில்லாமல் இருப்பவருக்குத்தான் அவர்களிடம் முன்னுரிமை, அவர்கள் வேலையே அது. இப்படி இடம் போய், பழைய டீமில் மாற்று ஆளும் வந்து, தானே பெஞ்சுக்குப் போனவரை நான் பார்த்திருக்கிறேன். எனவே காலண்டரில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குறித்துக்கொண்டு, "சார், பிளாக் இன்னும் இருக்கா?" என்று ஒரு வரி கேட்டுவிடுங்கள். கேட்க வெட்கப்பட வேண்டாம்.

அந்த இடைப்பட்ட வாரங்களில் புதிய மேனேஜர், சும்மா ஒரு மீட்டிங்கில் உட்காருங்கள், ஒரு சின்ன ஸ்கிரிப்ட் மட்டும் பாருங்கள் என்று ஆரம்பிப்பார். ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் உங்கள் டைம்ஷீட்டில் எட்டு மணி நேரமும் பழைய கிளையன்ட் பேரில் ஏறுகிறது. அந்த நேரத்தில் வேறு கிளையன்டின் வேலையைச் செய்தால், நாளை கேள்வி வரும்போது அந்த இரண்டு மேனேஜர்களில் யாரும் உங்களுக்குப் பதில் சொல்ல வரமாட்டார்கள். படிக்க ஏதாவது கொடுங்கள், வீட்டில் படித்துக்கொள்கிறேன் என்று சொல்லுங்கள்.

எல்லா மேனேஜரும் பேசினால் இறங்கிவருபவர்கள் இல்லை, அது எனக்குத் தெரியும். போகிறேன் என்றவரை வேண்டுமென்றே இரவு ஷிஃப்டுக்கே போடுபவர்கள் இருக்கிறார்கள். உங்களுடையவர் அப்படித்தான் என்பதற்கு உங்கள் டீமிலேயே உதாரணம் இருந்தால், அவரிடம் சொல்லும் நாளை மெயில் போகும் நாள் காலை வரைக்கும் தள்ளிவையுங்கள். சொல்லி முடித்த ஒரு மணி நேரத்துக்குள், பேசியதை அமைதியான வார்த்தைகளில் அவருக்கே மெயிலாக அனுப்பிவையுங்கள். ரிலீஸ் தேதி ஒரு தடவை தள்ளிப்போனால் பொறுங்கள். இரண்டாவது தடவை தள்ளிப்போனால் அந்த மெயிலோடும் பாலிசியோடும் ஹெச்.ஆர். பார்ட்னரிடம் போங்கள். ரிசைன் பண்ணிவிடுவேன் என்று மட்டும் பேச்சுக்குக்கூடச் சொல்லாதீர்கள். அதைக் கேட்ட புதிய மேனேஜரும் பின்வாங்குவார்.

ஐந்து மாதம் ஒருவனை இழுத்தடித்து, கடைசியில் அவன் கம்பெனியையே விட்டுப் போகக் காரணமாக இருந்தவன் நான். அவனிடம் அந்தத் தாள் இல்லை, எழுத்தில் தேதி இல்லை, என்னிடம் சண்டையும் போடவில்லை. காத்திருந்தான். ஒரு நல்ல பையனை நான் இழந்ததும், கம்பெனி இழந்ததும் அப்படித்தான்.

பஸ்ஸில் வந்த தங்கை இரண்டு நாள் கழித்து பாலிசியின் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு வந்தார். அவருடைய கம்பெனியில் சப்மிட் அழுத்தியவுடனே மெயில் போய்விடுமாம். அதனால் முதலில் புதிய டீம் மேனேஜரிடம் பேசியிருக்கிறார், இடம் உறுதியானதுதான் என்று தெரிந்துகொண்டிருக்கிறார். விண்ணப்பம் முழுவதும் நிரப்பி, சப்மிட் பண்ணாமல் டிராஃப்டில் கிடக்கிறது. திங்கட்கிழமை நாலு மணிக்குத் தன் மேனேஜரிடம் பதினைந்து நிமிடம் கேட்டிருக்கிறார். செவ்வாய்க்கிழமை காலை சப்மிட்.

தனக்கு மட்டும் தெரிந்த வேலைகள் எத்தனை என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "நாலு அண்ணா" என்றார். எழுதச் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
உங்களில் பலருக்கு மேனேஜராக இருந்த ஒருவன்